300 கேபிக்குள் நான்கு பக்கங்கள், ஒரு புள்ளியும் அழியாமல்

அத்தையின் ஓய்வூதிய விண்ணப்பம் நேற்று ஒருவழியாக ஏற்கப்பட்டது. முதல் முறை அனுப்பியது ஒன்பது நாள் கழித்து 'இணைப்பு தெளிவாக இல்லை' என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்திருந்தது. இரண்டாவது முறை அனுப்பிய கோப்பு முதல் கோப்பைவிடப் பெரியது, ஆனாலும் வரம்புக்குள் அடங்கியது, எல்லா எழுத்தும் படிக்க முடிந்தது. இடையில் இரண்டு மாலைப் பொழுதுகள் போயின. கை சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொள்ளும் யாருக்காவது ஒரு மாலையாவது மிச்சமாகட்டும்.

இணையதளம் கேட்டது இதுதான்: நான்கு பக்கமும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, 300 கேபிக்கு மிகாமல் இருக்க வேண்டும். கையில் இருந்தது ஸ்கேனர் கொடுத்த 6.8 எம்பி கோப்பு. முதல் பக்கத்தில் ஒட்டிய புகைப்படம். இரண்டாம், மூன்றாம் பக்கங்களில் கட்டங்களுக்குள் நீலப் பேனாவால் நிரப்பிய விவரங்கள். நான்காம் பக்கத்தில் அத்தையின் கையெழுத்தும் சான்றளித்த அதிகாரியின் ஊதா முத்திரையும். மூன்றாம் பக்கத்தின் நடுவில் மடிப்பு விழுந்து, அதன் ஓரமாக ஒரு சாம்பல் நிழல் படிந்திருந்தது. இந்த விவரங்கள் எல்லாமே பின்னால் தேவைப்படும்.

முதல் முறை என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச நிரலில் ஒரே வரி:

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/screen -dNOPAUSE -dBATCH -sOutputFile=out.pdf vinnappam.pdf
```

6.8 எம்பி 188 கேபியாக இறங்கியது. சந்தோஷமாகப் பதிவேற்றினேன், இணையதளமும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கணினித் திரையில் முழுப் பக்கமாகப் பார்த்தபோது நன்றாகத்தான் தெரிந்தது. என் தவறு அங்கேதான். நான் பார்த்தது பக்கத்தின் தோற்றத்தை மட்டும். எழுத்தைப் படித்துப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்த பிறகு அதே கோப்பைத் திறந்து அத்தையிடம் காட்டி, "அத்தை, இந்தக் கணக்கு எண்ணைக் கொஞ்சம் படிங்க" என்றேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நான்கு எண்கள் படித்தார், ஐந்தாவதில் நின்றார். "இது மூணாப்பா, எட்டா? நான் எழுதினதுதான், எனக்கே தெரியலையே." பெரிதாக்கிப் பார்த்தோம். எண் இருந்த இடத்தில் சாம்பல் சதுரங்கள் ஏழெட்டு அடுக்காக நின்றன, அவ்வளவுதான்.

காரணம் அந்த `/screen` என்ற சொல். அது படங்களை அங்குலத்துக்கு 72 பிக்சல் என்ற அளவுக்கு இறக்கிவிடும். அதாவது ஒரு பிக்சலின் அகலம் 0.35 மில்லிமீட்டர். அத்தை எழுதிய எண்ணின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர், ஆக ஒரு எண்ணுக்கு மேலிருந்து கீழாகக் கிடைப்பது எட்டு ஒன்பது பிக்சல்கள். அதற்குள் மூன்றின் திறந்த வயிறும் எட்டின் மூடிய வயிறும் வேறுபட்டுத் தெரிய இடமே இல்லை. தமிழ் எழுத்தின் பாடு இதைவிட மோசம். மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். 72ல் அதற்கு ஒன்றரை பிக்சல் கூட முழுதாகக் கிடைக்காது, தாளின் நிறத்தோடு கரைந்துவிடும்.

சரி, கொஞ்சம் நல்ல அமைப்பை எடுத்துக்கொள்வோம் என்று `/ebook` போட்டேன். அது 150 பிக்சல். எழுத்து தெளிவாக வந்தது, அளவு 612 கேபி. வரம்பைப் போல இரண்டு மடங்கு. அடுத்து, அதே 150ல் ஜேபெக் தரத்தை மட்டும் இறக்கிக்கொண்டே போனேன். 290 கேபிக்கு வந்தபோது தரம் 12ல் இருந்தது. ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் அழுக்குத் துணியால் துடைத்தது போல ஒரு கறை. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்கும். முகமோ வானமோ என்றால் அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் தாளில் கூர்மையான கறுப்புக் கோடு என்றால், கோட்டின் கலக்கம் அந்தக் கட்டம் முழுக்கப் பரவிவிடும்.

இந்த நேரத்தில் இணையத்தில் கோப்பைக் கொடுத்தால் சுருக்கித் தரும் தளங்களும் நினைவுக்கு வந்தன. வங்கிக் கணக்கு எண், கையெழுத்து, புகைப்படம் மூன்றும் ஒன்றாக இருக்கும் கோப்பை முகம் தெரியாத இடத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக் கணினியிலேயே முடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன்: கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பாப்ளர் கருவிகளோடு வரும் ஒரு கட்டளை அதைச் சொல்லிவிடும்.

```
pdfimages -list vinnappam.pdf
```

நான்கு பக்கத்துக்கும் நான்கு வரிகள் வந்தன. ஒவ்வொன்றும் 2480 × 3508 பிக்சல், வண்ணம், ஜேபெக், அங்குலத்துக்கு 300. ஏ4 தாளை 300ல் ஸ்கேன் செய்தால் கிட்டத்தட்ட 87 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட்டுகள். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே 26 எம்பி. இதையே பிக்சலுக்கு ஒரு பிட், அதாவது கறுப்பா வெள்ளையா என்ற ஒரே கேள்விக்கான பதிலாக வைத்தால், சுருக்குவதற்கு முன்பே 1.1 எம்பிதான் வரும். ஒரு பிக்சலைக்கூட இழக்காமல் இருபத்து நான்கில் ஒரு பங்கு.

அதுவரை நான் பிக்சல்களைக் குறைத்துக்கொண்டே வந்தேன், வண்ணத்தைத் தொடவே இல்லை. தாளின் மஞ்சள் சாயல், நார்களின் மங்கலான ஏற்ற இறக்கம், நிழலின் சாம்பல் எல்லாவற்றையும் பத்திரமாகக் காப்பாற்றி, அதற்கு விலையாக எழுத்தின் வடிவத்தைக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்குத் தாளின் நிறம் எதற்கு? எழுத்துதான் வேண்டும். ஆக, பிக்சலை 300லேயே வைத்துக்கொண்டு நிறத்தை வெட்டுவது என்று முடிவு செய்தேன்.

இதற்கென்றே குரூப் 4 என்ற பழைய முறை ஒன்று இருக்கிறது, தொலைநகல் காலத்தில் வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தை எந்த இழப்பும் இல்லாமல் சுருக்கும். ஒவ்வொரு வரியையும் மேல் வரியோடு ஒப்பிட்டு, எங்கே மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். அதனால் வெறும் வெள்ளைப் பகுதிக்கு ஏறக்குறைய எதுவும் செலவாகாது. செலவெல்லாம் எழுத்தின் விளிம்புகளுக்குத்தான். இன்னொரு நன்மையும் உண்டு. 150லிருந்து 300க்குப் போனால் பிக்சல் எண்ணிக்கை நான்கு மடங்காகும், குரூப் 4 கோப்போ ஏறத்தாழ இரண்டு மடங்குதான் ஆகும், ஏனென்றால் கூடுவது விளிம்பின் நீளம் மட்டும். தெளிவை மலிவாக வாங்க முடிகிற இடம் இது.

முதலில் பக்கங்களைத் தனித்தனிப் படமாக, மறுபடி சுருக்காமல், உள்ளே இருந்தபடியே வெளியே எடுத்தேன்.

```
pdfimages -all vinnappam.pdf pakkam
```

`pakkam-000.jpg` முதல் `pakkam-003.jpg` வரை நான்கு கோப்புகள் வந்தன. எண் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் பக்கம் `001`.

படங்களைக் கட்டளையால் திருத்தும் இமேஜ்மேஜிக் என்ற நிரலில் இரண்டாம் பக்கத்தைச் சாம்பல் நிறமாக்கி, பாதி வெளிச்சத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் கறுப்பு, மேலே இருப்பதெல்லாம் வெள்ளை என்று வெட்டிப் பார்த்தேன். அச்சிட்ட படிவம் அழகாக நின்றது. அத்தை நீலப் பேனாவால் எழுதியதோ பாதிக்கு மேல் காணோம். அழுத்தி எழுதிய இடம் இருக்கிறது, பேனா லேசாக ஓடிய இடமெல்லாம் அறுந்து கிடக்கிறது. வெட்டும் அளவை உயர்த்தினால் எழுத்து திரும்பி வந்தது, கூடவே தாளின் சொரசொரப்பும் கறுப்புத் தூளாக வந்து கொட்டியது. நீல மை சாம்பலாக மாறும்போது தாளின் வெளிச்சத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே கத்தி வைக்க இடம் போதவில்லை.

சின்ன வயதில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கண்ணில் வைத்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கான வழி நினைவிருக்கும். நீல எழுத்து அதன் வழியே கறுப்பாகத் தெரியும், சிவப்பு எழுத்து மறைந்தே போகும். ஸ்கேன் செய்த படத்திலும் சிவப்புக்கென்று ஒரு தனி அடுக்கு இருக்கிறது. அதை மட்டும் எடுத்தால் நீல மை கிட்டத்தட்டக் கறுப்பாகவே வருகிறது. பழுப்பேறிய தாளும் அதே அடுக்கில் வெளுத்துவிடுகிறது, ஏனென்றால் பழுப்பு என்பது நீல ஒளி குறைவதுதான், சிவப்பில் அது தெரியாது. எனக்கு இந்த முழு வேலையிலும் கிடைத்த பெரிய திருப்பம் இதுதான்.

```
magick pakkam-001.jpg -channel R -separate +channel \
  -threshold 64% -type Bilevel -compress Group4 p2.tif
```

64 என்ற எண் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கடினம். 58க்கும் 64க்கும் உள்ள வித்தியாசம் திரையில் சட்டென்று பிடிபடாது. ஆனால் கோப்பின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். 50ல் 41 கேபி. 58ல் 44. 64ல் 49. 70ல் ஒரே தாவலாக 96 கேபி. 50லிருந்து 64 வரை கூடிய எட்டு கேபியும் எழுத்து; அறுந்த கோடுகள் ஒன்றுசேர்ந்த செலவு அது. 64க்கு மேலே கூடியது எழுத்தல்ல, தாளின் நார். தூள் ஒவ்வொன்றும் தனித்தனி விளிம்பு, ஒவ்வொன்றுக்கும் குரூப் 4 கணக்கு எழுதியாக வேண்டும். அதனால் நான் ஏழெட்டு அளவுகளில் ஓட்டிப் பார்த்து, அளவு தாவுவதற்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்கிறேன். அந்த இடத்தில் மறக்காமல் படித்தும் பார்க்கிறேன்.

நான்காம் பக்கத்துக்கும் அதே சிவப்பு அடுக்கைப் போட்டேன். கையெழுத்து உறுதியாக வந்தது, முத்திரை வெளிறிப்போனது. வட்டத்தின் ஓரம் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது, நடுவில் இருந்த பதவிப் பெயர் படிக்க முடியவில்லை. ஊதா என்பது நீலமும் சிவப்பும் கலந்தது, அதனால் சிவப்பு அடுக்கில் அது பாதி வெளிச்சமாகிவிடுகிறது. ஊதா அதிகம் கறுப்பது பச்சை அடுக்கில். அங்கே நீலக் கையெழுத்தும் போதுமான அளவுக்குக் கறுக்கிறது. `-channel R` இருந்த இடத்தில் `-channel G` போட்டு, வெட்டும் அளவை 60க்கு இறக்கியதும் கையெழுத்து, முத்திரை இரண்டும் ஒரே பக்கத்தில் நின்றன. அளவு 38 கேபி. உங்கள் தாளில் சிவப்பு மையில் ஏதாவது இருந்தால் சிவப்பு அடுக்கின் பக்கமே போக வேண்டாம், அது தாளோடு தாளாக மறைந்துவிடும். பச்சை அடுக்கு அதற்கும் பொருந்தும்.

மூன்றாம் பக்கம்தான் அதிக நேரம் எடுத்தது. மடிப்பு நிழல் அங்கே இருக்கிறது. பக்கம் முழுவதுக்கும் ஒரே அளவில் வெட்டினால் நிழல் விழுந்த பட்டை முழுக்கக் கறுப்பாகிவிடுகிறது, அதற்குள் கணக்கு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் இருக்கின்றன. நிழலுக்கு ஏற்ற மாதிரி வெட்டினால் மற்ற இடங்களில் எழுத்து அறுந்துபோகிறது. இதற்கு இமேஜ்மேஜிக்கில் ஒவ்வொரு பிக்சலையும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிட்டு வெட்டும் வசதி இருக்கிறது. நிழலுக்குள் இருக்கும் எழுத்து அந்த நிழலைவிடக் கறுப்பாக இருந்தால் போதும், தப்பித்துக்கொள்ளும்.

```
magick pakkam-002.jpg -channel R -separate +channel \
  -negate -lat 50x50+8% -negate p3.png
```

நிழல் போய்விட்டது, அதன் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று மிஞ்சியது. அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பக்கம் முழுக்கத் தூள். அக்கம்பக்கத்தை மட்டும் பார்ப்பதால், வெற்றுத் தாளில்கூடச் சற்றே கறுத்த நார் எழுத்தாகத் தெரிந்துவிடுகிறது. இப்படியே குரூப் 4 ஆக்கினால் 88 கேபி.

தூளைத் துடைக்க, ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் பிக்சல்களை ஒரு கூட்டமாக எண்ணி, இத்தனைக்குக் குறைவான கூட்டத்தை நீக்கு என்று சொல்லலாம். தாராளமாக 40 என்று வைத்தேன். பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது, அளவு 51 கேபி. அப்படியே அனுப்பியிருப்பேன். நல்ல வேளையாக, இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் அத்தையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் வழக்கம் வந்திருந்தது. மேலே தலைப்பை வாசித்தவர் நின்றுவிட்டார். "இதென்னப்பா, விணணபபம-னு இருக்கு?"

பக்கம் முழுக்க ஒரு புள்ளி இல்லை. மெய்யெழுத்துகள் எல்லாம் உயிர்மெய்யாகிவிட்டன. 300ல் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் புள்ளி என்றால் குறுக்கே ஆறு பிக்சல், வட்டமாக எண்ணினால் மொத்தம் 28 பிக்சல் அளவில் வரும். நான் 40க்குக் குறைந்ததை எல்லாம் தூள் என்று சொல்லியிருக்கிறேன், கருவி சொன்னபடி செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதே தவறு நடந்தால் ஐ எழுத்தின் மேல் புள்ளி போகும், சொல் கெடாது. தமிழில் சொல்லே கெட்டுவிடும். எங்கோ படித்த அளவை அப்படியே எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும். புள்ளியின் பரப்பை முதலில் கணக்குப் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். நான் 8 வைத்தேன்.

```
magick p3.png -define connected-components:area-threshold=8 \
  -define connected-components:mean-color=true \
  -connected-components 8 -type Bilevel -compress Group4 p3.tif
```

முதல் வரியில் வரும் 8 தான் அந்த அளவு. கடைசி வரியில் இருக்கும் 8 வேறு. மூலைவிட்டமாகத் தொடும் பிக்சலையும் ஒட்டியதாக எடுத்துக்கொள் என்று சொல்வது அது. இப்போது 55 கேபி. புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்தன. அங்கங்கே நாலைந்து தூள் மிஞ்சியிருக்கிறது, படிப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை.

மீதி இருந்தது முதல் பக்கம். புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக வெட்டினால் முகம் மைக்கறை போலாகிவிடுகிறது. புள்ளிகளால் நிழல் காட்டும் முறையிலும் செய்து பார்த்தேன். முகம் வந்தது, ஆனால் ஆயிரக்கணக்கான தனிப் புள்ளிகள் என்பதால் குரூப் 4 அந்தச் சிறிய சதுரத்துக்கே பெரும் விலை கேட்டது. எழுத்தை ஓர் அடுக்காகவும் படத்தை இன்னோர் அடுக்காகவும் பிரித்து ஒரே பக்கத்தில் வைப்பதும் முடியும், அதற்கு உழைப்பு அதிகம். அதற்கு முன் பையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று பக்கமும் சேர்ந்து 49, 55, 38 என்று 142 கேபி. முதல் பக்கத்துக்கு 150 வரை செலவு செய்யலாம். பக்கத்துக்கு 75 என்று சமமாகப் பங்கிட்டிருந்தால் இந்த வசதி கண்ணில் பட்டிருக்காது. மற்ற மூன்றும் விட்டுக்கொடுத்ததை முதல் பக்கம் எடுத்துக்கொண்டது.

அதனால் முதல் பக்கத்துக்கு மட்டும் வண்ணத்தை நீக்கி, 150க்கு இறக்கி, ஜேபெக்காகவே வைத்தேன். அந்தப் பக்கத்தில் பெயரும் முகவரியும் பெரிய எழுத்தில் இருக்கின்றன, 150 தாங்கும்.

```
magick pakkam-000.jpg -colorspace Gray -resize 50% \
  -level 8%,82% -strip -quality 40 p1.jpg
```

இதில் `-level` இல்லாமல் ஓட்டியபோது 190 கேபி, போட்டதும் 118. தாளின் வெளிச்சம் 82 விழுக்காட்டைத் தாண்டிய இடமெல்லாம் தூய வெள்ளையாகிவிடுகிறது, ஜேபெக்குக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தரத்தை இறக்குவதற்கு முன்னால் தாளை வெளுக்க வேண்டும் என்பது எனக்கு முதல் நாள் தெரிந்திருந்தால், அன்றைக்கே பாதி வேலை முடிந்திருக்கும். 82ஐ 70க்குக் கொண்டுபோனால் இன்னும் சில கேபி குறையும், ஆனால் புகைப்படத்தில் நெற்றியும் கன்னமும் வெளுத்து முகமே தட்டையாகிவிடுகிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்த வேண்டிய அளவு இது.

நான்கையும் சேர்க்க, படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே பிடிஎஃபில் வைக்கிற கருவிதான் வேண்டும். நான் பயன்படுத்தியது இதை:

```
img2pdf --pagesize A4 -o anuppa.pdf p1.jpg p2.tif p3.tif p4.tif
wc -c anuppa.pdf
```

267412 பைட்டுகள். ஆயிரத்து இருபத்து நான்கால் வகுத்தால் 261 கேபி, ஆயிரத்தால் வகுத்தால் 267. வரம்பு வைக்கும் தளம் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்று திரையில் எழுதியிருக்காது. 300 கேபி என்றால் அது 300000 பைட்டாகவும் இருக்கலாம், 307200 ஆகவும் இருக்கலாம். கோப்பு உலாவி 298 என்று காட்டுவதை நம்பி அனுப்பி மாட்டிக்கொள்வதைவிட, பைட் எண்ணிக்கையைப் பார்த்து மூன்று லட்சத்துக்கு நன்றாகக் கீழே நிற்பது நிம்மதி.

ஜேபிக்2 என்ற இன்னொரு முறை கறுப்பு வெள்ளைப் பக்கங்களை இதைவிடச் சிறிதாக்கும். அதில் ஒரு வகை, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒரு முறை மட்டும் சேமித்துவிட்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டும். 2013ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர், ஸ்கேன் செய்யும் நகலிகள் இந்த முறையால் எண்களை மாற்றிவிடுவதை, 6 இருந்த இடத்தில் 8 வருவதை, வெளிப்படுத்தினார். மங்கலான எண்ணைப் பார்த்தால் மங்கல் என்றாவது தெரியும். இது தெளிவான தவறான எண். கணக்கு எண் இருக்கும் தாளில் அந்த வகையை நான் தொட மாட்டேன். இழப்பில்லாத ஜேபிக்2 வகையும் உண்டு, அதில் இந்த ஆபத்து கிடையாது. ஆனால் குரூப் 4லேயே இடம் மிச்சமிருந்ததால் அதற்கு அவசியம் வரவில்லை.

பதிவேற்றும் முன் சோதனையை இப்படிச் செய்தேன். நான்கு பக்கத்தையும் அதே அளவில் அச்சிட்டு, மூலத்தை நான் கையில் வைத்துக்கொண்டு, அச்சுப் பிரதியை அத்தையைப் படிக்கச் சொன்னேன். எண்களை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். கணக்கு எண், பிறந்த தேதி, தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும். முன்பு நின்ற அதே ஐந்தாவது இலக்கத்தில், "எட்டு" என்று நிற்காமல் கடந்தார். மூலத்திலும் எட்டுதான். முத்திரையில் இருந்த பதவிப் பெயரைப் படிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது, அதையும் படித்துவிட்டார். அச்சிட முடியாவிட்டால் திரையில் இருமடங்காகப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர், அதாவது நான், படிப்பது செல்லாது. மூளை மங்கலை நிரப்பிவிடுகிறது.

பதிவேற்றிய பிறகு, 'சமர்ப்பி' அழுத்தும் முன், தளத்திலிருந்தே அந்த இணைப்பைத் திரும்ப இறக்கி `wc -c` போட்டேன். அதே 267412. தளம் தன் பங்குக்குச் சுருக்கவில்லை என்று அதனால் தெரிந்துகொண்டேன்.

அடுத்த முறை ஸ்கேனரிலேயே இரண்டு காரியம் செய்வேன். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வைப்பேன். இரண்டாம் பக்கத்தின் மறுபுறத்தில் இருந்த அச்சு லேசாக ஊடுருவி வந்திருந்தது, வெட்டும் அளவைத் தேடுவதில் பாதி சிரமம் அதனால்தான். ஸ்கேனரின் வெள்ளை மூடி மறுபுற ஒளியைத் திருப்பி அனுப்பி அந்த எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது, கறுப்பு அட்டை அதை விழுங்கிவிடும். மடித்த தாளை ஓரிரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் கண்ணாடியில் போடுவேன், மூன்றாம் பக்கத்து நிழலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. வண்ணத்தில் 300 என்பதை மட்டும் மாற்ற மாட்டேன். ஸ்கேனரிலேயே கறுப்பு வெள்ளை என்று தேர்ந்தெடுத்திருந்தால் சிவப்பு அடுக்கும் பச்சை அடுக்கும் எனக்குக் கிடைத்தே இருக்காது, அத்தையின் கையெழுத்து அங்கேயே அறுந்திருக்கும்.

அத்தையிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அடுத்த படிவத்தைக் கறுப்புப் பேனாவில் எழுதுங்கள். "நீலம்தான் அசல்னு சொல்லுவாங்களே" என்றார். படிவத்தின் பின்பக்கக் குறிப்பை எடுத்துப் பார்த்தோம். நீலம் அல்லது கறுப்பு என்றிருந்தது. பேனாவை மேசையிலேயே வைத்திருக்கிறார்.